ஹெர்மபோலான் கப்பலும் ஆவடி கன்டெய்னர் லாரியும்

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளி. தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தின் கூட்டம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து ஒருவர் பையை ஒருவர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் நாலைந்து பெற்றோர். அவர்களில் ஒருவர் காக்கிச் சட்டையில் இருந்தார். கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். அன்றைக்குப் பேசப்போகும் பத்தாம் வகுப்பு மாணவியின் அப்பா.

'பண்டைய கடல் வாணிபமும் கரையோரப் பொருளாதாரமும்' என்பது தலைப்பு. தலைப்பைப் படித்ததும் பாதிப் பிள்ளைகளுக்குக் கொட்டாவி வந்தது. மேடைக்கு வந்த மாணவியின் கையில் புரொஜெக்டர் ரிமோட் இல்லை. ஒரு கிண்ணம் மிளகு இருந்தது. தோளில் அப்பாவின் துண்டு.

"இந்தத் துண்டைப் பார்த்துக்கோங்க. இது என் தோள்ல இருந்தா நான் சொல்றது கதை. நானா யோசிச்சது. துண்டைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டா நான் சொல்றதுக்குச் சான்று இருக்கு. யாராவது குழம்பினா கையைத் தூக்குங்க."

துண்டு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பத்து நாளைக்கு முன்னால் நடந்த ஒத்திகையில் அவள் சொன்ன கதை வேறு. ரோமாபுரியில் தமிழ் வணிகன் பல்லக்கில் போவான், அரசனே எழுந்து நின்று வரவேற்பான். கூட இருந்த தோழிகள் கைதட்டினார்கள். வரலாற்று ஆசிரியை மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பல்லக்கு எந்தச் சான்றில் இருக்கு?" பதில் இல்லை. அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். பேச்சையே விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தாள். மறுநாள் ஆசிரியை கூப்பிட்டு, "கதை சொல்லாதேன்னு சொல்லலையே. எது கதைன்னு கேட்கிறவங்களுக்குத் தெரியணும். அவ்வளவுதான்" என்றார். அங்கிருந்து வந்ததுதான் துண்டு.

துண்டைக் கழற்றினாள்.

"ஆஸ்திரியா நாட்டுல வியன்னான்னு ஒரு ஊர். அங்க தேசிய நூலகத்துல ஒரு கிழிஞ்ச பாப்பிரஸ் இருக்கு. நாணல் மாதிரியான ஒரு செடியில எகிப்துக்காரங்க செஞ்ச காகிதம் அது. 1980-ல அந்த நூலகம் அதை வாங்குச்சு. 1985-ல ரெண்டு அறிஞர்கள் படிச்சு வெளியிட்டாங்க. ரெண்டு பக்கமும் கிரேக்க எழுத்து. வயசு ஏறக்குறைய 1,850 வருஷம். அதுல ஒரு ஊர் பேர் இருக்கு. முசிறி!"

முசிறி, சேர நாட்டின் துறைமுகம். இன்றைக்குக் கேரளத்தில், வட பறவூர் பக்கத்தில் உள்ள பட்டணம் என்ற ஊர்ப் பகுதிதான் அது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். 2007 முதல் அங்கே நடந்த அகழாய்வில் படகுத்துறை ஒன்றும், ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளமுள்ள ஒரே மரத்தைக் குடைந்த தோணியும் கிடைத்தன. மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச் சாடித் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. மிளகும் கிடைத்தது.

"அந்தக் காகிதத்தோட ஒரு பக்கம் கடன் பத்திரம். இன்னொரு பக்கம் சரக்குக் கணக்கு. கப்பல் பேர் ஹெர்மபோலான்."

ஆறாம் வகுப்பு வரிசையில் ஒரு பையன் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்துச் சிரித்தான். மாணவி துண்டைத் தோளில் போட்டாள். குரல் மாறியது.

"ஜூலை மாசம். செங்கடல்ல வெயில் கொளுத்துது. எகிப்துக் கரையில மாலுமி ஒருத்தன் காத்து எப்போ திரும்பும்னு வானத்தையே பார்க்கிறான். பொண்டாட்டி கேட்கிறா, 'எப்போ வருவே?' அவன் சொல்றான், 'காத்து சொல்லணும்.'"

துண்டு கைக்கு வந்தது. பொண்டாட்டியும் மாலுமியும் கதை. காற்று சான்று. முதல் நூற்றாண்டில் எழுதிய ரோமானியர் பிளினி பயண நாள்களைக் குறித்து வைத்திருக்கிறார். கோடையின் நடுவில் எகிப்திலிருந்து புறப்பட வேண்டும். செங்கடலைத் தாண்டி, அரபுக் கரையின் முனையிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்தால் 40 நாளில் முசிறி. திரும்புவதற்கு வடகிழக்குக் காற்று வேண்டும். அதனால் டிசம்பர் தொடக்கத்தில், தாமதமானால் ஜனவரி 13-க்குள் கிளம்பிவிட வேண்டும்.

"அப்போ நடுவுல எத்தனை மாசம் அவங்க நம்ம கரையில இருந்திருப்பாங்க?" என்று கேட்டாள்.

விரல்விட்டு எண்ணி, "ரெண்டு, மூணு மாசம்" என்றன குரல்கள்.

"அத்தனை நாள் என்ன சாப்பிட்டாங்க?"

"சோறு!"

"அதான் இல்லை. 'எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ்'னு ஒரு மாலுமிக் கையேடு இருக்கு. அதுவும் முதல் நூற்றாண்டுதான். மேற்குலேர்ந்து முசிறிப் பக்கம் என்னென்ன கொண்டு வரணும்னு அதுல பட்டியல் போட்டிருக்கு. முதல்ல நிறைய காசு. அப்புறம் துணி, செம்பு, தகரம், ஈயம், பவளம், கொஞ்சம் மது. கடைசியில கோதுமை. எதுக்குன்னா, கப்பல்காரங்களுக்கு மட்டும் போதுமான அளவு. ஏன்னா அங்க இருக்கிற வியாபாரிங்க கோதுமை தொடமாட்டாங்களாம்!"

கூடம் சிரித்தது. இட்லி, தோசைக்கு நடுவில் ரொட்டி தேடிய கிரேக்கர்களை நினைத்துச் சிரித்திருப்பார்கள். இட்லி அப்போது இல்லை என்பதை ஆசிரியை பின்னாலிருந்து சொல்லித் திருத்தினார். அதற்கும் சிரித்தார்கள்.

அடுத்தது கப்பல் கரைக்கு வரும் இடம். முசிறியில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாது என்று பிளினி எழுதுகிறார். நங்கூரம் போடும் இடம் தூரத்தில். சரக்கைச் சின்னப் படகுகளில் ஏற்றி இறக்க வேண்டும். அந்தப் பகுதியில் கடற்கொள்ளையர் தொல்லை இருப்பதாகவும் எச்சரிக்கிறார்.

"இங்கதான் கரையோரப் பொருளாதாரம்னு புத்தகத்துல போட்டிருக்கிறது ஆரம்பிக்குது. மிளகு கடற்கரையில விளையாது. மலையில விளையும். மலையிலேர்ந்து ஆத்து வழியா தோணியில வரணும். கரையில மூட்டையா அடுக்கி வெச்சுக் காத்திருக்கணும். கப்பல் வந்ததும் திரும்பவும் தோணியில ஏத்தி, கப்பலுக்குப் போகணும். ஒரு கப்பலுக்கு எத்தனை தோணி, எத்தனை துடுப்பு, எத்தனை கயிறு, எத்தனை மூட்டை? வருஷத்துல சில மாசம்தான் கப்பல் நிக்கும். அதுக்குள்ள எல்லாம் முடியணும்."

இப்போது கிண்ணத்திலிருந்து கொஞ்சம் மிளகு எடுத்து முன்வரிசைப் பிள்ளைகள் கையில் போட்டாள்.

"எண்ணுங்க. ரோம்ல ஒரு ராத்தல் மிளகு, அதாவது கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல, நாலு தினாரியஸ்னு பிளினி விலை எழுதியிருக்கார். அந்தக் காலத்து ரோமானியப் படைவீரனுக்கு வருஷச் சம்பளமே 225 தினாரியஸ். கணக்குப் போட்டா அந்த ஒரு ராத்தலுக்கு அவன் ஆறு, ஏழு நாள் சம்பளம் தரணும்."

ஆவடியில் படையினர் குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை. "எங்க சித்தப்பா ஆறு நாள் சம்பளத்துல மிளகு வாங்கினா எங்க சித்தி வீட்டுக்குள்ள விடமாட்டாங்க" என்றது ஒரு குரல்.

பிறகு ஹெர்மபோலானின் கணக்கு. கரும்பலகையில் சாக்பீஸால் எழுதினாள்.

சரக்குப் பட்டியலில் இன்றும் படிக்கத் தெளிவாக இருக்கும் பொருள்களில் ஒன்று கங்கைப் பகுதிச் சடாமாஞ்சி. இமயமலையில் விளையும் ஒரு வாசனை வேர். நாட்டு மருந்துக் கடையில் இப்போதும் கிடைப்பது. 60 பெட்டி. பெட்டி ஒன்றுக்கு 4,500 திராக்மா. பெருக்கினால் 2,70,000. 6,000 திராக்மா சேர்ந்தால் ஒரு தாலந்து. ஆக 45 தாலந்து. அடுத்து யானைத் தந்தங்கள், தந்தத் துண்டுகள். எல்லாவற்றையும் எடை போட்டு, விலை போட்டு எழுதியிருக்கிறார்கள்.

"கடைசியில ஒரு மொத்தத் தொகை வருது. 1,154 தாலந்து, 2,852 திராக்மா. திராக்மாவா மாத்துங்க."

முன்வரிசை அண்ணன்கள் இருவர் போட்டி போட்டுக்கொண்டு பெருக்கினார்கள். 69,26,852 வந்தது.

"இது முழு மதிப்பு இல்லை. கால் பங்கு வரி போக மிச்சம்னு அறிஞர்கள் சொல்றாங்க. அந்தக் காலத்துல கிழக்கேயிருந்து ரோமானிய எல்லைக்குள்ள வர்ற சரக்குக்கு நாலுல ஒரு பங்கு வரி. அப்போ முழு மதிப்பு?"

முக்கால் பங்கு 69 லட்சம் என்றால், மூன்றால் வகுத்து நான்கால் பெருக்க வேண்டும். ஏறத்தாழ 92 லட்சத்து 36 ஆயிரம் திராக்மா. அதில் 23 லட்சத்துக்கும் மேல் அரசாங்கத்துக்கு வரி. ஒரே கப்பலில்.

"இப்போ 92 லட்சத்துல 2,70,000 எவ்வளவு சின்னது பாருங்க. தந்தத்தைச் சேர்த்தாலும் நிறைய இடம் மிச்சம் இருக்கு. அந்த மிச்சத்துல என்ன இருந்துச்சு? கிழிஞ்சு போன பாகத்துல பெருசா ஏதோ இருந்திருக்கணும். பெரும்பாலும் மிளகுன்னு அறிஞர்கள் கணிக்கிறாங்க." சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துப் பாதி தோளில், பாதி கையில் வைத்துக்கொண்டாள். "இது சான்றும் இல்லை, கதையும் இல்லை. கணிப்பு. ஆனா காரணத்தோட கணிப்பு."

கையைத் தூக்கிய ஒரு சிறுமி கேட்டாள். "கங்கைச் சரக்கு முசிறிக்கு எப்படிக்கா வந்துச்சு? அது அந்தப் பக்கம், இது இந்தப் பக்கம்."

நல்ல கேள்வி. கிழக்குக் கரையின் துறைமுகங்கள் கதைக்குள் வருவது இங்கேதான். கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைமுகங்களைப் பெரிப்ளூஸ் வரிசையாகச் சொல்கிறது. கமரா என்பது காவிரிப்பூம்பட்டினம், பொதுகே புதுச்சேரி அருகே உள்ள அரிக்கமேடு, சோபட்மா மரக்காணம் என்று பொதுவாக அடையாளம் காண்கிறார்கள். அங்கிருந்து கரையோரமாகவே மேற்குக் கரை வரை போகும் உள்ளூர்க் கப்பல்கள் இருந்தன. மரங்களைப் பிணைத்துக் கட்டிய 'சங்கரா' என்ற பெரிய கலங்கள் இருந்தன. கங்கைக்கும் கிழக்கே பொன்னாட்டுக்கும் போகும் 'கொலாந்தியா' என்ற மிகப் பெரிய கப்பல்களும் இருந்தன. அதாவது ரோமுக்குப் போன பெட்டி, அதற்கு முன்னாலேயே வங்கக் கடலில் உள்ளூர்க் கலங்களில் பயணம் செய்திருக்கக்கூடும். இரண்டாம் நூற்றாண்டில் நிலப்பட நூல் எழுதிய தாலமி குறிப்பிடும் 'மலியார்பா' மயிலாப்பூர்தான் என்று பலர் கருதுகிறார்கள்.

"மயிலாப்பூர் நமக்கு ஒரு பஸ், ஒரு டிரெயின் தூரம்" என்றாள். பின்வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது.

இனி பத்திரத்தின் முதல் பக்கம். இதைப் புரிந்துகொள்ள அவளுக்கு உதவியவர் காக்கிச் சட்டைக்காரர்தான். பாடம் படித்துக்கொண்டிருந்தபோது, "சரக்கை உன் முத்திரையின் கீழ் கிடங்கில் வைப்பேன்" என்ற பொருளில் ஒரு நிபந்தனை வந்தது. அது என்னவென்று அவளுக்குப் புரியவில்லை. அப்பா சாப்பிட்டுக்கொண்டே, "அது சீல்மா" என்றாராம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பாரம் ஏற்றியதும் கன்டெய்னர் கதவைச் சாத்தி ஒரு சீல் போடுவார்கள். அதன் நம்பர் பேப்பரில் ஏறும். துறைமுகத்தில் அந்த நம்பரைச் சரிபார்ப்பார்கள். வழியில் சீல் உடைந்தால் சரக்கு சரியாக இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் டிரைவர்.

"பத்திரத்துலயும் அதேதான்" என்றாள் மாணவி. "கடன் வாங்கின வியாபாரி எழுதிக் கொடுக்கிறான். செங்கடல் கரையில சரக்கை இறக்கினதும், நம்பிக்கையான ஒட்டகக்காரன்கிட்ட ஒப்படைப்பேன். காவலோட பாலைவனத்தைத் தாண்டி கோப்டோஸ் ஊருக்குக் கொண்டு போவேன். அங்க வரி வாங்கிற அரசாங்கக் கிடங்குல, கடன் கொடுத்தவரோட முத்திரையில வைப்பேன். அப்புறம் நைல் நதியில படகு. அலெக்சாண்டிரியாவுலயும் அதே மாதிரி கிடங்கு, அதே முத்திரை. கெடு தேதிக்குள்ள கடனைக் கட்டலைன்னா, அடமானமா வெச்ச சரக்கை அவர் எடுத்துக்கலாம், விக்கலாம்."

"தவணை கட்டலைன்னா வண்டியைத் தூக்கிடுவான், அதே மாதிரிதான்" என்று பின்னாலிருந்து ஒரு பெற்றோர் சொன்னார். காக்கிச் சட்டைக்காரர் தலையாட்டினார்.

கப்பல் கவிழ்ந்தால் எல்லாம் போச்சு, காற்றைத் தவறவிட்டால் ஒரு வருடம் போச்சு. இத்தனை ஆபத்தையும் ஒரு வியாபாரியால் தனியாகத் தாங்க முடியாது. கடன் கொடுக்க ஒருவர், சுமக்கப் பலர், நடுநடுவே கிடங்கு, முத்திரை, கணக்கர். மிளகின் விலைக்குள் இவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள்.

பேச்சு அத்துடன் முடிந்திருக்கும். கேள்வி நேரத்தில் காக்கிச் சட்டைக்காரரே எழுந்தார். மகளிடம் கேட்கக் கூச்சம், ஆசிரியையைப் பார்த்துக் கேட்டார்.

"டீச்சர், 92 லட்சம் சரக்குன்னு பாப்பா சொல்லிச்சு. சரி. கரையிலேர்ந்து கப்பலுக்குத் தோணி தள்ளினவனுக்கு எவ்ளோ கிடைச்சுது? அது அந்தப் பத்திரத்துல இருக்கா?"

கூடம் அமைதியானது. ஆசிரியை பதில் சொல்லாமல் மாணவியைப் பார்த்தார். அவள் துண்டைத் தோளில் போடப் போனாள். கதையாக ஏதாவது சொல்லியிருக்கலாம். தோணிக்காரன் பொற்காசோடு வீட்டுக்குப் போனான் என்று சொன்னால் எல்லோரும் கைதட்டியிருப்பார்கள். துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"இல்லப்பா. பத்திரத்துல கடன் கொடுத்தவர் இருக்கார், வாங்கினவர் இருக்கார், வரி இருக்கு. ஒட்டகக்காரர் இருக்கார், ஆனா அவர் கூலி இல்லை. முசிறித் தோணிக்காரர் அந்தப் பத்திரத்துலயே இல்லை. முசிறியில மிளகுக்கு எவ்வளவு கொடுத்தாங்கன்னும் அதுல இல்லை. எழுதினது எல்லாம் அந்தப் பக்கத்து ஆளுங்க. இந்தியச் சரக்கு அங்க நூறு மடங்கு விலைக்கு விக்குதுன்னு பிளினி புலம்புறார். அவர் கோபத்துல கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனா லாபத்துல பெரிய பங்கு அங்கதான் நின்னுதுன்னு தெரியுது."

கொஞ்சம் நிறுத்தினாள்.

"ஆனா தோணிக்காரர் வேற ஒரு இடத்துல இருக்கார். புறநானூறு 343-ஆம் பாட்டு. அதுவும் முசிறியைப் பத்திதான். அதுல மீனைக் கொடுத்து நெல்லு வாங்குறாங்க. அந்த நெல்லு அம்பி நிறையக் குவிஞ்சிருக்கு. அம்பின்னா படகு. வீட்டுல வீட்டுல மிளகு மூட்டை அடுக்கியிருக்காங்க. கப்பல்ல வந்த பொன்னைக் கழித் தோணி கரைக்குக் கொண்டு வருது. கழின்னா காயல், உப்பங்கழி. கிரேக்கப் பத்திரத்துல பெரிய கப்பல் மட்டும் இருக்கு. நம்ம பாட்டுல சின்னத் தோணி இருக்கு, மீன் இருக்கு, நெல்லு இருக்கு, வீடு இருக்கு. ரெண்டையும் சேர்த்துப் படிச்சாத்தான் கரை முழுசா தெரியும்."

பத்திரம் சொல்லாததைப் பாட்டு சொல்கிறது. ஆனால் பாட்டிலும் கூலிக் கணக்கு இல்லை. தெரிவது இவ்வளவுதான்: பொன் கப்பலிலிருந்து வந்தது. அந்தக் கரையின் அன்றாடச் சாப்பாடு மீனுக்கும் நெல்லுக்கும் நடந்த பண்டமாற்றில் இருந்தது. ஒரே துறைமுகத்தில் இரண்டு சந்தைகள். மூன்றாம் நூற்றாண்டிலிருந்து ரோமானிய வாணிபம் குறைந்தபோது முதல் சந்தை சுருங்கியது. மீனும் நெல்லும் எந்தக் காற்றுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

மணி அடித்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மிளகை வாயில் போட்டுக் காரத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆசிரியை மாணவியின் முதுகில் தட்டி, "பல்லக்கைவிட தோணி நல்லா இருந்தது" என்றார்.

வாசலில் அப்பா நின்றிருந்தார். ராத்திரி எண்ணூர்ப் பக்கம் லோடு இருக்கிறது. வரிசையில் எத்தனை மணி நேரம் நிற்க வேண்டுமோ தெரியாது. மகள் துண்டைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் அதை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீ சொன்ன அந்த ஒட்டகக்காரன், கிடங்குல சரக்கை இறக்க எத்தனை நாள் நின்னிருப்பான்?"

"அது எழுதலப்பா."

"எழுதமாட்டாங்க" என்றார் அவர். பைக்கை ஸ்டார்ட் செய்தார்.